அப்பா வாங்கிய கேம் ஓடுகிறது, மகளின் கேமில் பூட்டு: நெட் இல்லாத ஊரில் பிஎஸ்5

தாளவாடியான்

மே லீவுக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். தாளவாடியிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றால்தான் செல்போனில் ஒரு கோடு சிக்னல் வரும். பிள்ளைகள் பிஎஸ்5-ஐப் போர்வையில் சுற்றி எடுத்து வந்துவிட்டார்கள். எல்லா கேமும் டிஜிட்டல்தான், டிஸ்க் ஒன்றுகூடக் கிடையாது. "முழுசா டவுன்லோட் ஆயிருக்கு, நெட் எதுக்கு" என்று நானும் தைரியம் சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

அங்கே நடந்தது இது. ஸ்பைடர்மேன் 2 என் ப்ரொஃபைலிலும் ஓடியது, மகள், மகன் ப்ரொஃபைலிலும் ஓடியது. ஆஸ்ட்ரோ பாட் ஐகானில் பூட்டு, திறக்கவே இல்லை. கிரான் டூரிஸ்மோ 7 திறந்தது, ஆனால் உள்ளே முக்கால்வாசி இடத்துக்குப் போக முடியவில்லை.

பிஎஸ்5-ஐ நம் அக்கவுண்டுக்கு ப்ரைமரியாக வைத்தால்தான் டிஜிட்டல் கேம் நெட் இல்லாமல் ஓடும் என்ற விதி எனக்குத் தெரியாமல் இல்லை. `Settings > Users and Accounts > Other > Console Sharing and Offline Play` போய்ப் பார்த்தேன். ஆன் ஆகித்தான் இருக்கிறது. மூன்று கேமுக்கும் பணம் கட்டியது என் கார்டுதான். ஒன்று ஓடுகிறது, ஒன்று பாதி ஓடுகிறது, ஒன்று ஓடவே இல்லை என்றால் என்ன கணக்கு? மகள் ஆறு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டக்காரன்

லைசென்ஸ் கெட்டுப் போயிருக்கும் நண்பா. அதே `Other` மெனுவில் `Restore Licenses` இருக்கிறது, அதைக் கொடுத்தால் தீர்ந்தது. இரண்டு கேமுக்கும் ஒரே நோய்தான். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ப்ரைமரியை ஆஃப் செய்து ஆன் செய்து விளையாடாதீர்கள், வருடத்துக்கு 5 முறைதான் மாற்ற விடுவார்கள்.

தாளவாடியான்

அதையும் அங்கே கொடுத்துப் பார்த்தேன், நெட் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஈரோடு வந்து கேபிளைச் சொருகியதும் நான் ஒன்றும் செய்யாமலே ஆஸ்ட்ரோ பாட் திறந்துவிட்டது. லைசென்ஸ் கெட்டிருந்தால் இங்கேயும் திறக்கக் கூடாது அல்லவா?

பழைய கன்ட்ரோலர்

கெடவில்லை. `Restore Licenses` என்பது உங்கள் அக்கவுண்டுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று சர்வரிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொள்வது, அவ்வளவுதான். நெட் இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. நெட் இருக்கும் இடத்தில், வாங்கிய கேமே வாங்காதது போலக் காட்டினால் அது உதவும்.

முதலில் கிரான் டூரிஸ்மோ 7-ஐ ஓரமாக வையுங்கள். அது லைசென்ஸ் விவகாரமே இல்லை. அந்த கேம் தன் சேமிப்பையும் பெரும்பாலான பகுதிகளையும் தன் சர்வரோடு கட்டி வைத்திருக்கிறது. நெட் இல்லாமல் திறந்தால் மியூசிக் ராலியும் கொஞ்சம் ஆர்கேட் ஓட்டமும்தான் மிஞ்சும். ப்ரைமரி, நான்-ப்ரைமரி எதுவானாலும் அப்படித்தான். டிஸ்க் போட்டு ஓட்டுபவருக்கும் அதே கதிதான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பூட்டு வராது, கேம் திறக்கும், உள்ளே போன பிறகு கேமின் சொந்தத் திரையில்தான் நெட் கேட்கும். லைசென்ஸ் தடை என்றால் ஐகானிலேயே நின்றுவிடும்.

ஆஸ்ட்ரோ பாட் தனி ஆள் ஆடுகிற கேம், ஆட நெட்டே வேண்டாம். ஆகவே உங்கள் உண்மையான பிரச்சினை அதுதான். மூன்று கேள்வி:

அதை யார் ப்ரொஃபைலில் ஸ்டோரைத் திறந்து வாங்கினீர்கள்? கார்டு யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அந்த மெனுவில் ஆன் என்று பார்த்தீர்களே, அப்போது யார் ப்ரொஃபைலில் இருந்தீர்கள்?

ஈரோட்டில், நெட் இருக்கும்போது, உங்கள் மகன் ப்ரொஃபைலில் ஆஸ்ட்ரோ பாட் திறக்கிறதா?

மல்லிகா கோவை

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான் சார். கேமை என் பையனுடைய ஸ்விட்ச்சிலிருந்து இறக்கி என் தங்கை மகளுடைய ஸ்விட்ச்சில் ஏற்ற வேண்டும். முதல் தடவை இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தோம். இரவல் கொடுத்தால் 14 நாளில் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. உங்கள் மகளுக்கும் 14 நாள் முடிந்திருக்குமோ?

பழைய கன்ட்ரோலர்

அக்கா, நீங்கள் சொல்வது நின்டெண்டோவின் வர்ச்சுவல் கேம் கார்டு. 2025 ஏப்ரல் கடைசியில் வந்த அப்டேட்டோடு தொடங்கியது. அதற்கு முன்னால் ஸ்விட்ச்சிலும் ப்ரைமரி கன்சோல் முறைதான் இருந்தது. இப்போது கார்டு எந்த மெஷினில் ஏறியிருக்கிறதோ அங்கேதான் ஆட முடியும், கையில் பிடிக்கும் கார்டு மாதிரியே. பிஎஸ்5-இல் ஏற்றுவது, இறக்குவது, இரவல் கொடுப்பது எதுவும் கிடையாது. இவர் கதை வேறு.

மல்லிகா கோவை

ஓ, பிஎஸ்5-ஆ. தலைப்பைச் சரியாகப் பார்க்கவில்லை. சரி, பேசுங்கள், நானும் படிக்கிறேன். பையன் அடுத்து அதைத்தான் கேட்கிறான்.

தாளவாடியான்

கன்ட்ரோலர் அண்ணா, கேட்டதற்குப் பதில்:

மகள் பிறந்தநாளுக்கு வாங்கியது. அவள் ப்ரொஃபைலிலேயே ஸ்டோரைத் திறந்தாள். அவளுடையது சைல்ட் அக்கவுண்ட், நான் ஃபேமிலி மேனேஜர். அவளுக்கு மாதச் செலவு வரம்பு வைத்திருந்தேன், அதை அன்றைக்கு மட்டும் ஏற்றிக் கொடுத்தேன். என் வாலட்டிலிருந்து பணம் போனது.

மெனுவைப் பார்த்தது என் ப்ரொஃபைலில்.

மகன் ப்ரொஃபைலில் ஆஸ்ட்ரோ பாட் எப்போதுமே பூட்டுதான், நெட் இருந்தாலும். வயதுக் கட்டுப்பாடு ஏதோ தடுக்கிறது என்று நினைத்தேன். அவன் அக்கா ப்ரொஃபைலில் போய் ஆடிக்கொள்வான். அவள் சேமித்ததை அழித்துவிட்டான் என்று ஒரு சண்டையும் நடந்திருக்கிறது.

பழைய கன்ட்ரோலர்

அந்தச் சண்டை நடந்த அன்றைக்கே காரணம் கையில் கிடைத்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

பணம் யாருடையது என்பது சோனியின் பதிவேட்டில் செலவுக் கணக்கு மட்டும்தான். கேமின் உரிமை, எந்த அக்கவுண்டிலிருந்து வாங்கும் பட்டனை அழுத்தினீர்களோ அந்த அக்கவுண்டுக்குப் போகிறது. ஃபேமிலி மேனேஜர் வாலட்டிலிருந்து பணம் போனாலும் அந்த கேம் உங்கள் மகளுடையது. சந்தேகம் இருந்தால் ஒவ்வொருவர் ப்ரொஃபைலிலும் கேம் லைப்ரரியைத் திறந்து `Your Collection` பாருங்கள். ஆஸ்ட்ரோ பாட் அவளுடையதில் இருக்கும், உங்களுடையதில் இருக்காது.

அடுத்தது. ப்ரைமரி என்பது பெட்டிக்குக் கிடைக்கும் பட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் அக்கவுண்டுக்கும் ஒரு பெட்டிக்கும் இடையே உள்ள உறவு. ஒரே பெட்டி நாலு அக்கவுண்டுக்கு ப்ரைமரியாக இருக்கலாம், தடையில்லை. ஆனால் ஓர் அக்கவுண்டுக்கு ஒரே ஒரு பிஎஸ்5-தான் ப்ரைமரியாக இருக்க முடியும். அதனால் அந்த மெனு ஒவ்வொருவர் ப்ரொஃபைலிலும் அவரவர் நிலையைத்தான் காட்டும். நீங்கள் பார்த்தது உங்கள் உறவை. அது சரியாகத்தான் இருக்கிறது, அதனால்தான் ஸ்பைடர்மேன் மூன்று பேருக்கும் காட்டுக்குள்ளேயும் ஓடியது.

உங்கள் மகளுடைய அக்கவுண்டுக்கு உங்கள் வீட்டுப் பெட்டி ப்ரைமரி இல்லை. அப்படியிருந்தால் என்ன நடக்கும்? அவள் மட்டும், அவள் ப்ரொஃபைலில், நெட்டோடு ஆடலாம். தம்பிக்கு நெட் இருந்தாலும் பூட்டு. நெட் போனால் அவளுக்கும் பூட்டு. நீங்கள் சொன்ன அடையாளம் அத்தனையும் இதில் பொருந்துகிறது.

ஏன் அப்படி என்றால், ப்ரைமரி பெட்டியில் "இந்த அக்கவுண்டின் கேம்களை இங்கே யார் வேண்டுமானாலும் திறக்கலாம்" என்ற அனுமதி பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. மற்ற பெட்டியில் அந்த அனுமதி கிடையாது. வாங்கியவர் தானே உள்ளே இருக்கிறார் என்பதைச் சர்வர் உறுதி சொன்னால்தான் திறக்கும். டவுன்லோட் முழுசா இருக்கிறதா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. கோப்பு வீட்டில் இருக்கிறது, சாவி சர்வரிடம் இருக்கிறது.

இப்போது நாலாவது கேள்வி. உங்கள் மகள் அக்கவுண்ட் முதன்முதலில் எந்த பிஎஸ்5-இல் லாகின் ஆனது?

தாளவாடியான்

புனே. மச்சான் வீடு.

நாங்கள் பிஎஸ்5 வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு லீவில் அங்கே இருந்தாள். மச்சான் பையனோடு ஆட வேண்டும் என்றதால் இங்கிருந்தே அவளுக்கு அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தேன், அங்கே லாகின் செய்தாள். எங்கள் வீட்டுக்கு பிஎஸ்5 வந்தது அதற்கு நாலு மாதம் கழித்து.

பழைய கன்ட்ரோலர்

அவ்வளவுதான். ஓர் அக்கவுண்ட் முதன்முதலாக ஒரு பிஎஸ்5-இல் லாகின் ஆகும்போது அங்கேயே அந்த செட்டிங் தானாக ஆன் ஆகிவிடும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம். பத்து நாள் விருந்தாளியாகப் போன வீட்டில் உங்கள் மகளின் ப்ரைமரி தங்கிவிட்டது.

சிங்கை மாறன்

ஓட்டக்காரன் சொன்ன வருடத்துக்கு 5 முறை கணக்கு எக்ஸ்பாக்ஸுடையது. அங்கே `My home Xbox` என்று இருக்கும், அதைத்தான் ஒரு வருடத்தில் 5 தடவை மாற்றலாம். என் வீட்டில் எக்ஸ்பாக்ஸ்தான், ஒரு முறை எண்ணிக்கை தீர்ந்துபோய் மாட்டியிருக்கிறேன். பிஎஸ்5-க்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பழைய கன்ட்ரோலர்

சரியாகச் சொன்னீர்கள். பெட்டி கையில் இருந்தால் பிஎஸ்5-இல் மெனுவுக்குப் போய் ஆஃப் செய்துவிடலாம். பெட்டி கையில் இல்லாதபோதுதான் கட்டுப்பாடு. விற்றுவிட்டோம், திருட்டுப் போனது, ரிப்பேரில் வேறு பெட்டி கொடுத்துவிட்டார்கள் என்றால் வலைத்தளத்தில் அக்கவுண்ட் மேனேஜ்மென்ட்டுக்குப் போய் எல்லாக் கருவிகளையும் மொத்தமாக நீக்கலாம். அதை ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் செய்ய முடியும். தனியாக ஒரு பெட்டியை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்க முடியாது, எல்லாம் போகும்.

ஓட்டக்காரன்

சரி, அந்த 5 முறை விஷயத்தில் நான் குழம்பிவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். புனேயில் இருப்பது நல்லதுதானே? அங்கே ப்ரைமரி இருப்பதால் மச்சான் பையன் தன் ப்ரொஃபைலில் இலவசமாக ஆடலாம். இங்கே மகள் நெட்டோடு ஆடலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் ஒரே கேமை ஆடலாம். ஊரெல்லாம் நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து இப்படித்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். இவருக்குத் தெரியாமலே அது அமைந்திருக்கிறது. தாளவாடிக்கு வருடத்தில் ஒரு வாரம், அதற்காக ஏன் கலைக்க வேண்டும்?

தாளவாடியான்

ஆமாம்! இப்போதுதான் விளங்குகிறது. தீபாவளிக்குப் புனே போனபோது மகள் அங்கே ஆஸ்ட்ரோ பாட்டை டவுன்லோட் செய்தாள். அதற்குப் பிறகு மச்சான் பையன் பாதிக்கு மேல் முடித்துவிட்டான் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அவனுக்கு மச்சான் வாங்கிக் கொடுத்தார் என்று நினைத்தேன்.

பழைய கன்ட்ரோலர்

ஓட்டக்காரன் சொல்வது தப்பில்லை, அது வேலை செய்யும். ஆனால் மிச்சம் பிடித்த காசுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ப்ரைமரியைக் கொடுத்தவர் தன் சொந்தப் பெட்டியில் விருந்தாளி ஆகிறார். வாங்கியவளுக்கே நெட் இல்லாமல் ஆட முடியவில்லை. கூடவே இருக்கும் தம்பிக்கு எப்போதுமே முடியவில்லை. இரண்டு இளைஞர்கள், ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு ஃபைபர் லைன் என்றால் இது நல்ல ஏற்பாடு. ஒரு பெட்டியில் மூன்று பேர் ஆடும் வீட்டுக்கு இது சரிவராது என்பது என் கருத்து.

சிங்கை மாறன்

நெட் போவது என்றால் தாளவாடி மட்டும் இல்லை. வீட்டு லைன் அறுந்தாலும் அதே கதி, அவர்கள் சர்வர் படுத்தாலும் அதே கதி. 2025 பிப்ரவரியில் சோனியின் பிஎஸ்என் நெட்வொர்க் ஒரு நாள் முழுக்க படுத்ததே, அன்றைக்கு ப்ரைமரியில் இருந்தவர்கள் டிஜிட்டல் கேமை ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் கை

இதைப் படிக்கும்போதுதான் எனக்கு ஆன கதை புரிகிறது. ஒரு மெசேஜ் குழுவில் "ப்ரைமரி அக்கவுண்ட்" என்று பாதி விலைக்கு விற்கிறார்களே, அதில் ஒருவரிடம் மூன்று கேம் வாங்கினேன். அவர் கொடுத்த ஐடியில் லாகின் செய்து, அந்த செட்டிங்கை ஆன் செய்து, டவுன்லோட் செய்து, பிறகு என் ப்ரொஃபைலில் ஆடச் சொன்னார். ஆடினேன். அஞ்சாறு மாதம் கழித்து ஒரு நாள் மூன்றிலும் பூட்டு. அந்த ஐடி பாஸ்வேர்டும் மாறியிருந்தது. ஆளையும் காணோம்.

பழைய கன்ட்ரோலர்

மேலே சொன்ன ஆறு மாதக் கணக்குதான் தம்பி. அவர் வலைத்தளத்தில் மொத்தமாக நீக்கியிருப்பார், உங்கள் பெட்டியும் அதில் போயிருக்கும். காலியான ப்ரைமரி இடத்தை இன்னொருவருக்கு விற்றிருப்பார். உங்கள் பெட்டி அடுத்த தடவை நெட்டில் ஏறியபோது செய்தி வந்து பூட்டு விழுந்திருக்கும். அக்கவுண்ட் அவர் பெயரில் இருப்பதால் நீங்கள் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது, அக்கவுண்டை விற்பதே அவர்கள் விதிக்கு மாறானது.

ஒரு ஆறுதல்: உங்கள் சேமிப்பும் ட்ராபியும் உங்கள் ப்ரொஃபைலில்தான் இருக்கின்றன. அந்த கேமைப் பின்னால் நீங்களே வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டாம் கை

மூன்றில் ஒன்றை வாங்கிவிட்டேன். சேமிப்பு அப்படியே இருந்தது. மற்ற இரண்டையும் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது, விட்டுவிட்டேன்.

ஓட்டக்காரன்

தாளவாடியானுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. புனேயைத் தொட வேண்டாம். ஊருக்குப் போகும்போது மொட்டை மாடியில் செல்போனை வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள். கேமைத் திறக்கும் அந்த நிமிடத்துக்கு மட்டும் நெட் போதும், திறந்த பிறகு அணைத்துவிடலாம். நான் ரயிலில் போர்ட்டபிள் திரையோடு அப்படித்தான் ஆடினேன்.

பழைய கன்ட்ரோலர்

சரிபார்ப்புக்கு மிகச் சிறிய டேட்டாதான் ஆகும், ஒரு கோடு சிக்னலிலும் நடக்கக்கூடும். ஆனால் ஹாட்ஸ்பாட் போட்ட நொடியில் பெட்டி எந்த கேமுக்காவது அப்டேட்டை இழுக்க ஆரம்பிக்கும், செல்போனின் அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். தானாக அப்டேட் ஆவதை முன்கூட்டியே அணைத்து வையுங்கள். திறந்த பிறகு நெட்டை அணைத்துவிட்டு ஆடுவதை நான் நம்ப மாட்டேன். அது ஒரு தடவை நடந்தது என்பதற்காக ஆறு நாள் பயணத்தை அதன்மேல் கட்டக் கூடாது.

ஓட்டக்காரன்

எனக்கு இரண்டு மணி நேரம் ஓடியது. நீங்கள் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய.

மல்லிகா கோவை

நடுவில் ஒரு சந்தேகம். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா அப்பா பெயரில் ஒன்று இருந்தால் போதுமா, பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் கட்ட வேண்டுமா?

சிங்கை மாறன்

அப்பா அக்கவுண்டுக்கு அந்தப் பெட்டி ப்ரைமரியாக இருந்தால், அதில் ஆடும் பிள்ளைகளும் ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடலாம். பிளஸ்ஸில் வந்த கேம்களையும் திறக்கலாம். கிளவுட் சேமிப்பு மட்டும் கட்டியவருக்குத்தான். கேமுக்குள் வாங்கும் காசு, உடை எல்லாம் வாங்கிய அக்கவுண்டோடு போய்விடும், அதைப் பங்கு போட முடியாது. இன்னொன்று, பிளஸ்ஸில் வந்த கேம் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளும். நெட் இல்லாத ஊருக்குப் போவதாக இருந்தால் கிளம்பும் நாள் காலையில் ஒரு தடவை நெட்டில் வைத்துத் திறந்துவிட்டுப் போவது நல்லது.

தாளவாடியான்

வீட்டில் ஒரு பழைய பிஎஸ்4-உம் கிடக்கிறது. அதில் மகள் லாகின் செய்தால் இந்தக் குழப்பம் அதற்கும் வருமா? இன்னொன்று, ப்ரைமரியை மாற்றுவது என்று வீட்டில் பேசினேன். வீட்டுக்காரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தம்பி பையன் பாதியில் ஆடிக்கொண்டிருப்பதைப் பூட்டுவது என்ன நியாயம் என்கிறார்.

பழைய கன்ட்ரோலர்

பிஎஸ்4 தனிக் கணக்கு. ஓர் அக்கவுண்டுக்கு ஒரு பிஎஸ்5, ஒரு பிஎஸ்4 இரண்டும் ப்ரைமரியாக இருக்கலாம். அதில் மெனு பெயர் `Activate as Your Primary PS4`. பிஎஸ்4 கேமை பிஎஸ்5-இல் போட்டு ஆடினால் பிஎஸ்5 நிலைதான் செல்லும். ஆஸ்ட்ரோ பாட்டுக்கு பிஎஸ்4 வடிவமே கிடையாது, அதனால் இந்தக் கதையில் அது உதவாது.

குடும்ப நியாயத்தில் நான் தலையிட மாட்டேன். மாற்ற முடிவு செய்தால் செய்யும் வரிசை மட்டும் சொல்கிறேன். புனே பெட்டியில் உங்கள் மகள் ப்ரொஃபைல் இன்னும் இருக்கும். மச்சான் அதற்குள் போய், அதே மெனுவில் ஆஃப் செய்யட்டும். அவருடைய ப்ரொஃபைலில் போய் ஆஃப் செய்துவிட்டால் அவருடைய கேம்கள் வீட்டில் மற்றவர்களுக்குப் பூட்டாகிவிடும், அதை நன்றாகச் சொல்லிவிடுங்கள். ஆஃப் ஆன பிறகு ஈரோட்டில் மகள் ப்ரொஃபைலில் ஆன் செய்யுங்கள். அப்புறம் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். `Settings > Network > Settings` போய் `Connect to the Internet` என்பதை அணைத்து, பெட்டியை முழுசாக நிறுத்தி மறுபடி போடுங்கள். மூன்று ப்ரொஃபைலிலும் மூன்று கேமையும் திறந்து பாருங்கள். ரெஸ்ட் மோடில் வைத்து எழுப்பினால் அது சோதனை ஆகாது.

தாளவாடியான்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். மச்சானிடம் நானே பேசினேன். அவர் சிரித்தார், "ஓசியில ஆடிட்டிருந்தான்னு எனக்கே தெரியாதே" என்றார். வீடியோ காலில் திரையைக் காட்டச் சொல்லி, எந்த ப்ரொஃபைல் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஆஃப் செய்ய விட்டேன். முதலில் அவர் தன் ப்ரொஃபைலில்தான் போய் நின்றார், நல்லவேளை.

ஈரோட்டில் மகள் ப்ரொஃபைலில் மெனுவைத் திறந்தேன். என் ப்ரொஃபைலில் ஆன் என்று காட்டிய அதே திரை, அவளுடையதில் ஆஃப் என்று காட்டியது. ஆன் செய்தேன். நெட்டை அணைத்து, பெட்டியை நிறுத்திப் போட்டோம். ஆஸ்ட்ரோ பாட் மூன்று பேருக்கும் திறந்தது. மகன் தன் ப்ரொஃபைலில் முதல் தடவையாக ஆடுகிறான், முதலிலிருந்து. அக்கா சேமிப்புக்கு இனி ஆபத்தில்லை. ஸ்பைடர்மேன் எப்போதும்போல. கிரான் டூரிஸ்மோ 7 நீங்கள் சொன்ன மாதிரியே மியூசிக் ராலியோடு நின்றது.

புனேயில் அன்று சாயங்காலமே பூட்டு விழுந்தது. பையன் கடைசிக்கு முந்தின உலகத்தில் இருந்தானாம்.

இரண்டாம் கை

பாவம் அந்தப் பையன். சேமிப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டால் ப்ரைமரி பேச்சே வேண்டாம், பெட்டிக்குள் டிஸ்க் இருக்கும் வரை யாரும் ஆடலாம்.

தாளவாடியான்

அவர்கள் வாங்கியது டிஸ்க் டிரைவ் இல்லாத ஸ்லிம். டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம் என்று மச்சான் பார்த்தார், ஒரு கேமுக்காக வேண்டாம் என்று விட்டுவிட்டார். இப்போது அவரே ஒரு யோசனை சொல்கிறார். பையன் அக்கவுண்டில் ஆஸ்ட்ரோ பாட்டையும் இன்னும் இரண்டு கேமையும் வாங்கிவிடுகிறாராம். புனேயில் ஃபைபர் லைன் நின்றதே இல்லையாம். அதனால் அவன் அக்கவுண்டின் ப்ரைமரியை ஈரோட்டில் ஆன் செய்துகொள்ளுங்கள், நீங்களும் ஆடுங்கள், ஊருக்கும் எடுத்துப் போங்கள் என்கிறார். பெரிய மனசுதான். ஒத்துக்கொள்ளலாமா?

ஓட்டக்காரன்

இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன், திசை மட்டும் வேறு.

பழைய கன்ட்ரோலர்

மச்சானுக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறதா? இருந்தால் முதலில் அதனிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தாளவாடியான்

ஒரு பொண்ணு. ஆறாவது படிக்கிறாள். இப்போது அவளும் ஆட ஆரம்பித்திருக்கிறாளாம்.